பூனையை இழந்த தோழிக்கு நாலு வரி

வளர்த்த பூனையைப் பறிகொடுத்த நண்பருக்கு எழுதும் இரங்கல் குறிப்புக்கு நாலைந்து வரி போதும். அது செய்ய வேண்டிய வேலை ஒன்றுதான்: போனது ஏதோ ஒரு பூனை அல்ல, இன்ன பெயருள்ள, இன்ன குணமுள்ள இந்தப் பூனைதான் என்பது தன் வீட்டுக்கு வெளியே இன்னொருவருக்கும் தெரியும் என்று அந்த நண்பர் உணர வேண்டும். அறிவுரை, தத்துவம், பிரார்த்தனை எல்லாம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் அவை தேவைப்படுவதே இல்லை.

மனிதர் ஒருவர் இறந்தால் துக்கத்துக்கென்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாசலில் பந்தல் போட்டு நாற்காலி அடுக்குகிறார்கள். உறவும் தெருவும் வந்து உட்கார்கின்றன. பதினாறாம் நாள் வரை யாராவது கூட இருக்கிறார்கள். அலுவலகத்திலும் விடுப்புக்குக் காரணம் கேட்பதில்லை. பூனை இறந்த வீட்டில் இவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. ராத்திரி புதைத்துவிட்டு வந்தவர் காலையில் எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். முகம் ஏன் வாடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், தலைவலி என்று சொல்லிவிடுவது அவருக்குச் சுலபமாக இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் வெளியிட்ட நூலொன்று, ஊரால் துக்கமாகவே ஏற்கப்படாத துக்கங்களைப் பற்றிப் பேசுகிறது. வளர்ப்புப் பிராணியின் சாவு அதற்கு வழக்கமாகக் காட்டப்படும் உதாரணங்களில் ஒன்று. இழப்பு சின்னதா பெரிதா என்பது அங்கே கேள்வி இல்லை. அழுவதற்கு அனுமதி இல்லாததால் துக்கம் உள்ளேயே தங்கிவிடுகிறது என்பதுதான் விஷயம்.

எல்லாக் காலத்திலும் இப்படி இருந்ததில்லை. பழைய எகிப்தில் ஒரு வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் அந்த வீட்டிலிருப்பவர்கள் எல்லோரும் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அதை அப்படியே எடுத்துக்கொண்டால், தெருவில் எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்தாலே இன்ன துக்கம் என்று தெரிந்துவிடும். யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு அந்த அடையாளம் இல்லாததால், கைபேசியில் வரும் ஒரு சின்னக் குறிப்பே பல சமயம் அந்த நண்பருக்குக் கிடைக்கும் ஒரே துக்க விசாரிப்பாக இருக்கிறது.

எழுதுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. முதலாவது, இறந்தது எது என்பது. கேட்கச் சிரிப்பாக இருந்தாலும், இதில் தடுமாறிய ஒருவரின் கதை இலக்கிய வரலாற்றிலேயே பதிவாகியிருக்கிறது. 1747இன் தொடக்கத்தில், லண்டனில் ஹொரேஸ் வால்போல் என்ற எழுத்தாளர் வளர்த்த செலிமா என்ற பூனை, தங்கமீன் விட்டிருந்த பெரிய சீனப் பீங்கான் தொட்டிக்குள் விழுந்து இறந்துபோனது. அவர் தன் நண்பரான கவிஞர் தாமஸ் கிரேக்குச் செய்தி அனுப்பினார். இருவரும் ஈட்டன் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். இத்தாலிப் பயணத்தில் சண்டை போட்டுப் பிரிந்து, சில வருடங்கள் கழித்து மறுபடி சேர்ந்தவர்கள். கிரே உடனே இரங்கல் எழுதிவிடவில்லை. வால்போலிடம் இருந்த பூனைகளில் எது எந்தப் பெயர் என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆகவே, இரங்கலில் தவறு நேர்ந்துவிடக் கூடாது, யாருக்காக அழுகிறேன் என்பதை முதலில் உறுதி செய்துகொள்கிறேன் என்ற பொருள்பட ஒரு கடிதம் போட்டார். வால்போல் அதை 'அழகான பூனை' என்று குறிப்பிட்டிருந்தார் போலிருக்கிறது. அதனாலும் அடையாளம் தெரியவில்லை, ஒருவருக்குப் பிடித்த பூனைதான் எப்போதும் அழகான பூனை, அதுவும் ஒன்று செத்து ஒன்று உயிரோடிருந்தால் செத்ததுதான் அழகு என்று குறும்பாகச் சொன்னார். பிறகு அந்தப் பூனைக்கு ஒரு வேடிக்கை இரங்கற்பா எழுதிக் கொடுத்தார். ஆங்கிலக் கவிதையில் அது இன்றும் பேர்போனது. வால்போல் பிற்காலத்தில் அந்தத் தொட்டியை ஒரு பீடத்தில் வைத்து, பாட்டின் தொடக்க வரிகளை அதில் பொறித்துவைத்தார்.

கிரே செய்ததில் பின்பற்றத்தக்கது அந்தக் கேள்விதான், பாட்டு அல்ல. பூனை மீனுக்கு ஆசைப்பட்டதால் செத்தது என்று கிண்டல் செய்து, முடிவில் ஒரு நீதியும் சொல்லும் கவிதை அது. வால்போல் அதை ரசித்தார் என்றால் அவர் சுபாவமும் அப்படி, முப்பது வயதுக்குள் அவர்கள் இருவரும் கண்ட நட்பும் அப்படி. இழந்தவர் தானே முதலில் வேடிக்கையாகப் பேசத் தொடங்கும்வரை மற்றவர் தொடங்காமல் இருப்பதே நல்லது.

தமிழில் எழுதுகிறவருக்குப் பெயரோடு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பூனையை 'அது' என்றார்களா, 'அவன்' என்றார்களா, 'அவள்' என்றார்களா? பத்து வருடமாக 'இவன் இன்னும் சாப்பிடல' என்று பேசி வந்தவரிடம் 'அது செத்துப்போச்சா' என்று கேட்டால், ஒரே எழுத்தில் பூனை வீட்டு ஆளிலிருந்து தெருப் பிராணியாக இறங்கிவிடுகிறது. ஞாபகம் இல்லையென்றால் நண்பர் அனுப்பிய செய்தியைத் திரும்ப ஒருமுறை படித்தால் போதும். அவர் எப்படிச் சொல்லியிருக்கிறாரோ அப்படியே எழுதலாம்.

இன்னொன்று, சாவு எப்படி வந்தது என்பது. இதைக் குறிப்பில் எழுத வேண்டியதில்லை. எதை எழுதக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் இது தேவை. ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும்.

கல்லூரியில் ஒன்றாகப் படித்த இரண்டு பெண்கள். ஒருவர் மதுரையில், மற்றவர் கோவையில். மதுரைக்காரர் வளர்த்த கறுப்புப் பூனைக்கு மிளகு என்று பெயர். ஆண், பதினாலு வயது. ஒரு வருடமாகத் தண்ணீர் கூடுதலாகக் குடித்துக்கொண்டிருந்தது. உடம்பு மெல்ல இளைத்தது. வாந்தி தொடங்கிய பிறகு மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் கெட்டுப்போயிருப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதம், அந்தப் பெண் வீட்டிலேயே அதன் தோலுக்கடியில் சலைன் ஏற்றினார். மீனை வேகவைத்து முள் எடுத்து, விரலில் வைத்து ஊட்டினார். கடைசியில் அது சாப்பிடுவதை முற்றிலும் நிறுத்தியபோது, மருத்துவர் சொன்னதன் பேரில் வலியில்லாமல் ஊசி போட ஒப்புக்கொண்டார். மறுநாள் காலை கோவைத் தோழிக்குத் தகவல் வருகிறது. அவர் முதலில் எழுதிய குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்:

"உன் பூனை இறந்த செய்தி கேட்டு ஆழ்ந்த வருத்தம் அடைந்தேன். அதன் ஆன்மா சாந்தியடையட்டும். பதினாலு வயசுங்கிறது பூனைக்கு நல்ல வயசுதான். எல்லாம் விதி. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. மனசைத் தேத்திக்கோ. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு குட்டி எடுத்து வளர்த்தா சரியாயிடும். ஏதாவது வேணும்னா சொல்லு."

கெட்ட எண்ணம் இதில் எங்கும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு வரியும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப் போகிறது. 'உன் பூனை' என்றதிலேயே மிளகு காணாமல் போய்விட்டது. 'ஆழ்ந்த வருத்தம்', 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்பவை கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியில் படித்துப் படித்துப் பழகிய வாசகங்கள். மனிதருக்கு எழுதும்போது அவை மரியாதை. பூனைக்கு எழுதும்போது, எழுதியவர் உள்ளூரச் சிரிக்கிறாரோ என்ற சந்தேகத்தைக் கிளப்பக்கூடும். நண்பர் அந்த நம்பிக்கையோடு பேசுகிறவர் என்றால் மட்டும் பிரார்த்தனை வரி பொருந்தும்.

வயதைச் சொல்லும் வரி உண்மைதான். வீட்டுக்குள் வளரும் பூனைகள் பன்னிரண்டிலிருந்து பதினைந்து, சில இருபது வயது வரைகூட இருக்கின்றன. பதினாலு என்பது முதுமைதான். ஆனால் பதினாலு வருடம் என்பதை மதுரைக்காரர் வேறு மாதிரி எண்ணுகிறார். வேலை கிடைத்தது, அப்பா போனது, வீடு மாறியது எல்லாம் அந்தக் கணக்குக்குள் அடங்கும். நாள் கூடக்கூட இழப்பும் கூடுமே தவிரக் குறையாது. இன்னொரு குட்டி எடுத்து வளர்க்கும் யோசனை, உடைந்த மிக்ஸிக்குப் புதிது வாங்கும் யோசனை போலக் காதில் விழுகிறது. சில மாதம் கழித்து அவரே ஒரு குட்டியைக் கொண்டுவரக்கூடும். அப்போது மகிழ்ந்தால் போதும்.

இதில் மிகவும் கவனிக்க வேண்டிய வரி 'உன் மேல எந்தத் தப்பும் இல்ல' என்பது. பூனையை இழந்தவர்களின் துக்கத்தில் குற்ற உணர்வு பெரும் பங்கு வகிக்கிறது. அதற்குப் பூனையின் இயல்பே ஒரு காரணம். நோயை வெளியே காட்டாமல் மறைப்பது பூனைகளின் பழக்கம். நாய் நொண்டும், முனகும். பூனை கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், வீட்டார் தூங்குகிறது என்று நினைப்பார்கள். சிறுநீரகத்தைப் பொறுத்தவரை விஷயம் இன்னும் மோசம். மூன்றில் இரண்டு பங்கு செயலிழந்த பிறகுதான் சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் குறைகிறது, தாகம் கூடுகிறது. ரத்தத்தில் கிரியேட்டினின் அளவு தெளிவாக ஏறுவதற்குள் நாலில் மூன்று பங்கு போயிருக்கும். ஆக, கவனமாக வளர்த்தவரும் தாமதமாகத்தான் கண்டுபிடிக்கிறார். ஆனால் அவர் மனத்தில் ஓடுவது இந்தக் கணக்கல்ல. 'தண்ணி நிறையக் குடிக்கிறானேன்னு அன்னிக்கே தோணிச்சே' என்ற ஒற்றை நினைப்புதான்.

ஊசி போட்ட வீட்டில் இன்னொரு கேள்வியும் சேர்ந்துகொள்கிறது. இன்னும் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாமோ என்று ஒரு மணி நேரம் யோசிப்பவரே, அடுத்த மணி நேரம், ரெண்டு நாள் முன்னாலேயே போட்டிருந்தால் கஷ்டப்பட்டிருக்க மாட்டானே என்றும் யோசிப்பார். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்க முடியாது. ஆனாலும் இரண்டும் ஒரே மனத்தில் இருக்கும். இப்படியிருக்கும்போது, அவர் வாய்விட்டுச் சொல்லாத ஒன்றை 'தப்பு இல்லை' என்று வெளியிலிருந்து ஒருவர் மறுத்தால், அப்படியென்றால் அவர்களுக்கும் அந்த எண்ணம் வந்திருக்கிறது என்றுதான் படும். அவரே 'நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்' என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது சிறுநீரகத்தைப் பற்றிய அந்த உண்மையை ஒரே வரியில் சொல்வது, பத்து ஆறுதல் வார்த்தையைவிடப் பலன் தரும். கேட்காதவரிடம் தீர்ப்புச் சொல்லாமல், அவர் செய்ததை மட்டும் சொன்னால் போதும்.

கோவைத் தோழி இதையெல்லாம் யோசித்து மறுபடி எழுதுகிறார்:

"மிளகு போயிட்டான்னு இப்பத்தான் படிச்சேன். ரொம்பக் கஷ்டமா இருக்குடி. உங்க வீட்டுக்கு வந்தப்ப என் பைக்குள்ள ஏறிப் படுத்துக்கிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னாலும் எழுந்திருக்கவே மாட்டேன்னு அடம் பிடிச்சானே, அதுவே கண்ணுல நிக்குது. இந்த மூணு மாசமா சலைன் ஏத்தி, முள் எடுத்து ஊட்டி அவனை நீ எப்படிப் பார்த்துக்கிட்டேன்னு எனக்குத் தெரியும். இதுக்குப் பதில் எழுதணும்னு இல்ல. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூப்பிடறேன். பேசணும்னு தோணலன்னா எடுக்காத, நான் தப்பா நினைக்க மாட்டேன்."

முதல் குறிப்பைவிட இது கொஞ்சம் நீளம்தான். இதில் முதல் வார்த்தையே பெயர். பைக்குள் படுத்த சம்பவம், எழுதியவர் மிளகை நேரில் அறிந்தவர் என்பதற்குச் சாட்சி. இங்கே சாதாரணச் சம்பவம்தான் வேண்டும். 'அன்பான பூனை, அழகான பூனை' என்பது எந்தப் பூனைக்கும் பொருந்தும். பஸ்ஸைத் தவறவிட வைத்த பூனை அது ஒன்றுதான். குறும்பும் திருட்டும்கூட இருக்கலாம். பால் பாத்திரத்தை உருட்டியதை எழுதினால் படிப்பவர் அழுகைக்கு நடுவே சிரிப்பார், அதில் தவறில்லை. சலைன் ஏற்றியதைச் சொல்லும் வரி, தப்பு என்ற வார்த்தையே இல்லாமல் அந்தக் குற்ற உணர்வின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. கடைசி வரிகள் 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்பதற்குப் பதிலாக வந்தவை. அந்தப் பழைய வரி, என்ன வேண்டும் என்று யோசிக்கும் வேலையைத் துக்கத்தில் இருப்பவர் தலையிலேயே வைக்கிறது. நாளும் நேரமும் குறித்துச் சொன்னால் அவர் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை; மறுப்பதற்கும் வழி விட்டாகிவிட்டது.

இதிலும் கோவைத் தோழி ஒரு வரியை எழுதி அழித்திருப்பார்: 'கடைசி வரைக்கும் நீ அவன் பக்கத்துலயே இருந்தே, அது போதும்.' கேட்பதற்கு இதமான வரி. ஆனால் ஊசி போடும்போது அறைக்குள் நிற்க முடியாமல் வெளியே போய்விடுகிறவர்கள் பலர் உண்டு. மதுரைக்காரரும் அப்படிப் போயிருந்தால், ஆறுதலாக எழுதிய அந்த வரிதான் அவரை மிக அதிகமாகக் குத்தும். உறுதியாகத் தெரிந்த செயலை மட்டுமே பாராட்ட வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

உண்மையிலேயே வளர்த்தவர் கையால் பிசகு நேர்ந்த சாவுகளும் உண்டு. காய்ச்சல் என்று பாரசிட்டமால் கொடுத்தது அவற்றில் ஒன்று. அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. மனிதருக்கான மாத்திரையில் பாதியே அதைக் கொன்றுவிடலாம். வலை அடிக்காத மாடி பால்கனியிலிருந்து விழுவது இன்னொன்று. இங்கே 'தப்பு இல்லை' என்பது பொய். 'இனிமேல் வலை போட்டுக்கோ' என்பது கொடுமை. காரணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாமல், பெயரையும் ஒரு நினைவையும் மட்டும் எழுதி நிறுத்துவதே அப்போது நாகரிகம். இதயத்தசை தடிக்கும் நோயால் வரும் திடீர்ச் சாவு இதற்கு நேரெதிர். முந்தின நாள் ஓடி விளையாடிய பூனைக்கு ரத்தக் கட்டி அடைத்துப் பின்னங்கால்கள் செயலிழந்துபோகும். பல பூனைகளுக்கு அந்த நோய் இருந்ததே அதற்கு முன் யாருக்கும் தெரிந்திருக்காது. வளர்த்தவர் அதிர்ச்சியில் இருப்பார். அவருக்கு எழுதும் குறிப்பு இன்னும் சுருங்கி, இரண்டு வரியானாலும் போதும்.

எழுதுகிறவர் அந்தப் பூனையைப் பார்த்ததே இல்லையென்றால், பைக்குள் படுத்தது போன்ற நினைவு கைவசம் இருக்காது. அதற்காக ஒன்றைக் கற்பிக்க வேண்டாம். நண்பர் அதைப் பற்றிச் சொன்ன ஏதாவது ஒன்று நினைவில் இருக்கும். 'தயிர் சாதம் மட்டும் சாப்பிடுவான்னு நீ சொல்லிச் சிரிச்சது ஞாபகம் இருக்கு' என்று எழுதலாம். அதுவும் இல்லையென்றால், 'அவனைப் பத்தி எப்பவாவது சொல்லு, கேக்கணும்' என்பது நேர்மையான வரி. தன் வீட்டில் முன்பு இறந்த நாயைப் பற்றியோ கிளியைப் பற்றியோ எழுதத் தொடங்குவது, நல்ல மனம் படைத்தவர்களும் அடிக்கடி செய்கிற பிசகு. இரண்டாவது வரியிலேயே துக்கம் கை மாறி, ஆறுதல் சொல்ல வேண்டியவர் இழந்தவர் ஆகிவிடுகிறார்.

குறிப்பைச் செய்தி வந்த அன்றோ மறுநாளோ அனுப்பிவிடலாம். நண்பர்கள் குழுவில் போடுவதைவிடத் தனியாக அனுப்புவது நல்லது. குழுவில் ஒருவர் கைகூப்பிய படம் போட்டால் அடுத்த இருபது பேரும் அதையே போடுவார்கள். அதற்கு நடுவே யாராவது 'பூனைக்கா இவ்வளவு?' என்று கேட்டும்விடுவார்கள். எழுதுகிறவரிடம் அந்தப் பூனையின் படம் இருந்தால், முதல் குறிப்போடு சேர்த்து அனுப்பாமல் வைத்திருந்து, 'எங்கிட்ட மிளகோட படம் ஒண்ணு இருக்கு, எப்ப வேணுமோ கேளு' என்று சொல்லலாம். எதிர்பாராத நேரத்தில் திரையில் அந்த முகத்தைப் பார்ப்பதைச் சிலரால் தாங்க முடியாது. சிலருக்கு அதைவிடப் பெரிய பரிசு வேறில்லை. எது என்பது அவருக்குத்தான் தெரியும்.

மூன்று நாலு வாரம் கழித்து இன்னொரு வரி அனுப்புகிறவர்கள் குறைவு. அதற்குள் மற்றவர்கள் மறந்திருப்பார்கள். மருத்துவமனையிலிருந்து தடுப்பூசி நாளை நினைவூட்டும் குறுஞ்செய்தி மட்டும் மிளகின் பெயரைச் சொல்லி வந்திருக்கும். அந்த வீட்டில் இரண்டாவது பூனை ஒன்று இருந்தால், அது எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதே நல்ல தொடக்கம். துணையை இழந்த பூனைகளில் சில வீடெல்லாம் தேடும், கத்தும், சோறு குறைக்கும். அது சாப்பிடவே இல்லை என்று நண்பர் சொன்னால் மட்டும் அறிவுரைக்கு இடம் உண்டு. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால், அதிலும் உடம்பு பருத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம். துக்கத்தில் இருக்கிறது, தானே சரியாகிவிடும் என்று விடாமல், உடனே மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும்.